டோவுக்கும் ரேக்கும் நடுவே

இடைக்கால ஐரோப்பாவின் இரங்கல் திருப்பலியில் பாடப்பட்ட ‘டீஸ் ஈரே’ மெட்டைப் பெயர் தெரியாமலே பலர் கேட்டிருப்பார்கள். பெர்லியோஸ் 1830இல் தன் ‘சிம்பனி ஃபான்டாஸ்டிக்’கில் எடுத்தாண்டபின், திகிலும் மரணமும் வரும் இடங்களில் அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. அதன் முதல் அடி முடியும் விதத்தைக் கவனியுங்கள். மெட்டு டோவுக்கு இறங்கி, ரேக்கு ஏறி நின்றுவிடுகிறது. பியானோவில் இரண்டுமே வெள்ளைக் கட்டைகள். இடையில் இருக்கும் கறுப்புக் கட்டையை அது தொடுவதில்லை.

மைனர் ஸ்கேலில் எழுதுபவர் அந்த இடத்தில் பெரும்பாலும் கறுப்புக் கட்டையைத்தான் பிடிப்பார். ஆதார ஸ்வரத்துக்கு அரை ஸ்வரம் கீழே நின்றால், மேலே ஏறியே ஆக வேண்டும் என்ற தவிப்பு காதுக்கு வந்துவிடும். மேஜர், மைனர் இசையின் முடிவுகளுக்கு விசை தருவது அந்தத் தவிப்பு. கிரிகோரியன் பாட்டில் அது பெரும்பாலும் கிடையாது. முழு ஸ்வர இடைவெளியில் வந்து, அவசரமில்லாமல் உட்காரும்.

கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகியவர்களுக்கு இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரேயை சட்ஜமாக வைத்து வெள்ளைக் கட்டைகளை வரிசையாக வாசித்தால் கரகரப்பிரியாவின் ஸ்வரங்கள் கிடைக்கும். அதே ரேயிலிருந்து, நிஷாதத்தை உயர்த்திய மைனர் ஸ்கேலை வாசித்தால் கீரவாணி. முன்னதில் கைசிகி நிஷாதம், பின்னதில் காகலி. தைவதமும் மாறுகிறது, ஆனால் பாட்டு முடியும் இடத்தில் காது உடனே பிடிப்பது நிஷாதத்தைத்தான்.

ஸ்வர வரிசையோடு விஷயம் முடிந்துவிட்டால் மோடு என்பதும் இன்னொரு ஸ்கேல் என்று சொல்லிவிடலாம். அப்படியல்ல. தேவாலய இசையில் மோடுகள் எட்டு. பாட்டு முடியக்கூடிய ஸ்வரங்களோ ரே, மி, ஃபா, சோல் என நான்கே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மோடுகள். முதல் மோடும் இரண்டாம் மோடும் ரேயில்தான் முடிகின்றன, ஸ்வரங்களும் அதே. முதலாவது ரேயிலிருந்து மேல் ரே வரை உலவும். இரண்டாவது கீழ் லா வரை இறங்கி, ரேயைச் சுற்றியே திரியும். அதைவிட முக்கியமானது, பாட்டு நெடுநேரம் தங்கும் ஸ்வரம். முதல் மோடில் அது லா, இரண்டாவதில் ஃபா.

மடத்துத் துறவிகளுக்கு இது ஏட்டுக் கணக்கு அல்ல, அன்றாட வேலை. திருப்பாடலுக்கு முன்னும் பின்னும் ஒரு சிறு பல்லவி உண்டு. பல்லவி எந்த மோடோ, திருப்பாடலின் வரிகளும் அந்த மோடின் தங்கும் ஸ்வரத்திலேயே ஓதப்படும். மோடைத் தப்பாகக் கணித்தால் பல்லவியும் பாடலும் ஒட்டாமல் போகும். அதனால்தான் பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் மோடின் எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். டோரியன், ஃப்ரிஜியன் என்ற கிரேக்கப் பெயர்களும் உண்டு. பண்டைக் கிரேக்கர்கள் அதே பெயர்களால் குறித்தது வேறு வரிசைகளை. எண்ணே குழப்பமில்லாதது.

இந்த எட்டில் மேஜர் எங்கே? ஃபாவில் முடியும் ஐந்தாம், ஆறாம் மோடுகளில் ஒளிந்திருக்கிறது. ஃபாவிலிருந்து டி வரை மேலேறும் இடைவெளி பாடகர்களுக்கு உறுத்தலானது. அதனால் டியை அடிக்கடி அரை ஸ்வரம் இறக்கிப் பாடினார்கள். இறக்கிய மறுகணம் அது அப்பட்டமான ஃபா மேஜர். முதல் மோடிலும் டி இப்படி இறங்குவதுண்டு. அப்போது கரகரப்பிரியா நடபைரவியாகிவிடும், கிட்டத்தட்ட மைனர். பின்னாளில் பல குரல் இசை வந்தபோது, ஏட்டில் எழுதாமலே முடிவுகளில் டோவை உயர்த்திப் பாடும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. சுவிட்சர்லாந்து அறிஞர் கிளாரியானுஸ் 1547இல் வெளியிட்ட ‘டோடெக்காகார்டன்’ நூலில் லாவிலும் டோவிலும் முடிபவற்றுக்கும் தனி மோடுகள் கொடுத்து, எட்டைப் பன்னிரண்டாக்கினார். பாடகர்களின் தொண்டையில் எப்போதோ இருந்ததற்கு அவர் பெயர் வைத்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இரண்டு உலகமும் மோதிக்கொள்வதைக் கேட்க, கிரிகோரியன் பாட்டுக்கு ஆர்கன் வாசிப்பவரைக் கவனித்தால் போதும். முதல் மோடுப் பாட்டின் கடைசி ரேக்கு முன்னால், பழக்க தோஷத்தில் லா மேஜர் கார்டைப் பிடிப்பார். அந்தக் கார்டில் உயர்த்திய டோ இருக்கிறது. பாடுபவர் சாதாரண டோவைப் பாடிக்கொண்டிருக்க, இரண்டும் உரசும். உரசாத இடத்திலும் பாட்டு திடீரென்று சில நூற்றாண்டுகள் இளமையாகிவிடும். அங்கே லா மைனரோ டோ மேஜரோ வாசித்து ரே மைனருக்கு வந்தால் பாட்டு பிழைக்கும். மெட்டில் டோ நேரடியாக வராத பாட்டுக்கும் இதே விதிதான்.