எந்தத் தொகைக்கு எந்த முறை?

பாடப்புத்தகத்தில் பிரதியிடல் முறைக்கு ஒரு பயிற்சி, பகுதித் தொகையிடலுக்கு ஒரு பயிற்சி, பகுதிப் பின்னங்களுக்கு ஒரு பயிற்சி என்று தனித்தனியே இருக்கும். பயிற்சியின் தலைப்பே முறையைக் காட்டிக்கொடுத்துவிடும். தேர்வுத்தாளில் அந்தத் தலைப்பு இருக்காது. பிளஸ் டூ முடித்தவர்கள் பலர் தொகை நுண்கணிதத்தில் தடுமாறுவது அங்கேதான். சூத்திரம் நினைவில் இருக்கும். எதை எடுப்பது என்று தெரியாது.

வகையிடலில் இந்தச் சிக்கல் இல்லை. பெருக்கல் விதி, வகுத்தல் விதி, சங்கிலி விதி மூன்றும் கையில் இருந்தால், பாடத்தில் வரும் எந்தச் சார்பையும் படிப்படியாக வகையிட்டுவிடலாம். தொகையிடலில் இரண்டு சார்புகளின் பெருக்கலுக்கென்று ஒரு பொது விதி கிடையாது. அதனால் முதலில் கணக்கின் உருவத்தைப் பார்க்க வேண்டும். உருவத்தில் சின்ன மாற்றம் வந்தாலும் முறை மாறிவிடும். இந்த நான்கையும் பாருங்கள்:

∫ x/(x²+4) dx
∫ 1/(x²+4) dx
∫ x²/(x²+4) dx
∫ 1/(x²−4) dx

முதல் கணக்கில், பகுதியான x²+4-ஐ வகையிட்டால் 2x. அதில் பாதி தொகுதியிலேயே இருக்கிறது. t = x²+4 என்று பிரதியிட்டால் ½ log(x²+4) + C என்று ஒரு வரியில் முடிந்துவிடும். இரண்டாவதில் அந்த x இல்லை; அதே பிரதியீடு இங்கே உதவாது. x²+4-ஐ மெய்யெண்களில் காரணிப்படுத்தவும் முடியாது. ஆகவே விடை ½ tan⁻¹(x/2) + C. மூன்றாவதில் தொகுதியின் படியும் பகுதியின் படியும் சமம். முதலில் வகுத்தால் 1 − 4/(x²+4) என்றாகி, மீதி வேலை இரண்டாம் கணக்கிடம் போய்விடும். நான்காவதில் மாறியது ஒரு குறி மட்டும்தான். ஆனால் x²−4 என்பது (x−2)(x+2) என்று பிரிவதால் பகுதிப் பின்னம் வருகிறது. விடை ¼ log|(x−2)/(x+2)| + C.

இப்படிப் பார்க்கும் பழக்கத்தை ஐந்து கேள்விகளாகச் சுருக்கலாம். கேட்கும் வரிசையும் முக்கியம்: எளிய வழி முன்னால், நீளமான வழி பின்னால்.

1. எளிதாக்க முடியுமா? (x²+1)/x என்பது பின்னமாகத் தெரிந்தாலும் x + 1/x தான். sin²x வந்தால் (1 − cos 2x)/2 என்று மாற்றினாலே போதும். முறை எதையும் தொடும் முன் இயற்கணிதத்தையும் முக்கோணவியல் முற்றொருமைகளையும் முயன்று பார்க்க வேண்டும்.

2. உள்ளே ஒரு சார்பும் வெளியே அதன் வகைக்கெழுவும் இருக்கின்றனவா? இருந்தால் பிரதியிடல். (log x)³/x-இல் உள்ளே இருப்பது log x, அதன் வகைக்கெழு 1/x பக்கத்திலேயே நிற்கிறது. எண் காரணி கூடக் குறைய இருந்தால் கவலையில்லை, அதை வெளியே எடுத்துச் சரிசெய்யலாம். x குறைந்தால் அப்படிச் சரிசெய்ய முடியாது.

3. ஒன்றோடொன்று உறவில்லாத இருவகைச் சார்புகளின் பெருக்கலா? x cos x, x² eˣ, x log x போன்றவை பகுதித் தொகையிடலுக்கு உரியவை. log x, tan⁻¹x தனியாக நின்றாலும் இதே முறைதான். மற்றொரு சார்பாக 1-ஐ எடுத்துக்கொள்ள வேண்டும்.

4. பல்லுறுப்புக்கோவையின் மேல் பல்லுறுப்புக்கோவையா? தொகுதியின் படி சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் முதலில் வகுக்க வேண்டும். பிறகு பகுதியைக் காரணிப்படுத்திப் பகுதிப் பின்னங்களாக்கலாம். காரணிப்படாத இருபடி நின்றால் வர்க்கப் பூர்த்தி செய்து tan⁻¹ பக்கம் போகலாம்.

5. வர்க்கமூலத்துக்குள் இருபடியா? √(a²−x²) வந்தால் x = a sin θ, √(a²+x²) வந்தால் x = a tan θ, √(x²−a²) வந்தால் x = a sec θ. ஆனால் x√(4−x²) என்று இருந்தால் இரண்டாம் கேள்வியே அதைத் தீர்த்துவிடும். வர்க்கமூலத்தைக் கண்டதும் θ-வுக்குப் பாய்ந்தவர் அரைப்பக்கம் கூடுதலாக எழுத வேண்டியிருக்கும்.

மூன்றாம் கேள்விக்கு மாணவர்கள் வைத்திருக்கும் துணை 'ஐலேட்' வரிசை. நேர்மாறு முக்கோணவியல், மடக்கை, இயற்கணிதம், முக்கோணவியல், அடுக்குக்குறி ஆகியவற்றில் முன்னால் வருவதை u என எடுக்கச் சொல்லும் விதி அது. இதில் முதல் இரண்டும் இடம் மாறிய 'லையேட்' வடிவத்தை ஹெர்பர்ட் கசூபே 1983-இல் ஓர் அமெரிக்கக் கணித இதழில் எழுதினார். பெரும்பாலும் பலிக்கும் விதி. பலிக்காத இடம் ஒன்றைக் கணக்காகவே பார்ப்போம்.

∫ x³ e^(x²) dx

ஐலேட்படி u = x³, dv = e^(x²) dx. அடுத்த படிக்கு e^(x²)-இன் தொகை வேண்டும். அது பாடத்தில் உள்ள சார்புகள் எதிலும் அடங்காது. வண்டி அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாம் கேள்விக்குத் தாவாமல் இரண்டாம் கேள்வியைக் கேட்டிருந்தால் வழி தெரிந்திருக்கும். அடுக்கில் x² இருக்கிறது, அதன் வகைக்கெழு 2x. வெளியே இருக்கும் x³-ஐ x² · x என்று பிரித்தால் தேவையான x கிடைத்துவிடும். மிஞ்சும் x² தானே t ஆகிவிடும்.

t = x², dt = 2x dx
∫ x³ e^(x²) dx = ½ ∫ t eᵗ dt

இப்போது t-யும் eᵗ-யும் உறவில்லாத இரு சார்புகள். மூன்றாம் கேள்விக்கு ஆம் என்று பதில். u = t, dv = eᵗ dt என எடுத்தால்,

½ ∫ t eᵗ dt = ½ (t eᵗ − eᵗ) + C = ½ (x² − 1) e^(x²) + C

சரிபார்க்க விடையை வகையிடலாம். ½ [2x e^(x²) + (x² − 1) · 2x e^(x²)] என்பது சுருங்கி x³ e^(x²) ஆகிறது. தொகையிடலில் எந்த விடையையும் இப்படி வகையிட்டுச் சோதித்துக்கொள்ளலாம். குறி மாறியிருந்தாலும் ½ விட்டுப்போயிருந்தாலும் இங்கே தெரிந்துவிடும்.

தவறான முறையில் இறங்கிவிட்டோம் என்பதும் நடுவிலேயே தெரியும். பிரதியிட்ட பிறகும் x மிச்சமிருந்து, அதை t-யில் எழுத முடியாமல் போனால் பிரதியீடு பொருந்தவில்லை. பகுதித் தொகையிடலில் புதிதாக வரும் தொகை பழையதைவிடக் கடினமானால் u தேர்வை மாற்றிப் பார்க்க வேண்டும். ∫ x eˣ dx-இல் u = eˣ என்று எடுத்தால் அடுத்து ½x² eˣ வந்து நிற்கும்; படி குறைய வேண்டிய இடத்தில் கூடியிருக்கிறது. eˣ sin x மட்டும் விதிவிலக்கு. அங்கே இருமுறை செய்ததும் அதே தொகை திரும்பி வரும். அதைச் சமன்பாட்டின் மறுபக்கம் கொண்டுபோனால் விடை கிடைக்கும்.

ஐந்து கேள்விக்கும் பிடிகொடுக்காத தொகைகளும் உண்டு. e^(−x²)-இன் தொகையைப் பழக்கமான சார்புகளால் எழுத முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. எதை எழுத முடியும், எதை முடியாது என்று தீர்மானிக்கும் அடிப்படையை ஜோசப் லியூவில் 1830-களில் உருவாக்கினார். புள்ளியியல் புத்தகங்களின் பின்பக்கத்தில் இயல்நிலைப் பரவலுக்கு அட்டவணை அச்சிடுவதற்குக் காரணம் இதுதான். அந்தப் பரவலின் பரப்பு இந்த வகைத் தொகையிலிருந்து வருகிறது. சூத்திரத்தில் எண்ணைப் போட்டு விடை காண வழியில்லாததால், தோராய முறைகளில் கணக்கிட்ட மதிப்புகளையே அட்டவணையில் தருகிறார்கள்.