நாடாவில் ஒரு குரல்

ஃப்ரீட்ரிக் யூர்கென்சன் ஸ்வீடனில் வாழ்ந்த ஓவியர், பாடகர், திரைப்படங்களும் எடுத்தவர். 1959 ஜூனில் ஸ்டாக்ஹோமுக்குத் தெற்கே மோல்ன்பூவில் இருந்த தன் கிராமத்து வீட்டில் பறவைகளின் பாட்டை டேப்ரெக்கார்டரில் பதிவு செய்தார். போட்டுக் கேட்டபோது இரைச்சலுக்கு நடுவே ஓர் ஆண் குரல் நார்வேஜிய மொழியில் இரவுப் பறவைகளைப் பற்றிப் பேசியது. வானொலிதான் குறுக்கிட்டிருக்கும் என்று முதலில் நினைத்தார். பிறகு வேறொரு பதிவில், இறந்துபோன தாய் தன்னைச் செல்லப் பெயர் சொல்லி அழைப்பதாகக் கேட்டார். அதன்பின் அவருக்குச் சந்தேகமே இல்லை.

பழைய நாடாவில் அந்நியக் குரல் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது நாடாவைத்தான். சுருளில் ஒரு சுற்றின் காந்தப்பதிவு, அதை ஒட்டிய சுற்றிலும் மெல்லியதாகப் படிந்துவிடும். சத்தமான பேச்சுக்குச் சற்று முன்போ பின்போ அதே பேச்சு முணுமுணுப்பாகக் கேட்கும். இதைக் கண்டுபிடிக்கக் கணக்கு போதும். சுருளின் விட்டம் 12 செ.மீ. இருக்கும் இடத்தில் ஒரு சுற்றின் நீளம் சுமார் 38 செ.மீ. நாடா நொடிக்கு 19 செ.மீ. ஓடினால், முணுமுணுப்புக்கும் உண்மைப் பேச்சுக்கும் இடைவெளி 2 நொடி. விட்டம் 6 செ.மீ.யாகக் குறையும் உட்பகுதியில் அது 1 நொடியாகிவிடும். இடைவெளி இப்படிச் சுருங்கிக்கொண்டே போனால் ஆவியைத் தேட வேண்டியதில்லை.

கணக்கு ஒத்துவரவில்லையென்றால் பதிவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டும். பல வீட்டு டேப்ரெக்கார்டர்கள் நாடாவின் அகலத்தில் பாதியில் ஒரு திசையிலும், மறுபாதியில் எதிர்த்திசையிலும் பதிந்தன. முழு அகலத்தையும் படிக்கும் கருவியில் போட்டால் மறுபாதிப் பேச்சு தலைகீழாக, எந்த மொழி என்று புரியாமல் ஒலிக்கும். பின்னோக்கி ஓட்டியதும் அது யாரோ ஒருவரின் சாதாரணப் பேச்சாகத் தெளியும். சரியாக அழிக்காமல் மறுபடி பயன்படுத்திய நாடாவிலும் பழைய பதிவு அடியில் தங்கியிருக்கலாம். இந்தத் தடயங்களைச் சோதிக்க மூல நாடா வேண்டும். பிரதியை மட்டும் வைத்துக்கொண்டு, குரல் நாடாவின் எந்தப் பாதியிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது.

வானொலிக் குறுக்கீடு வேறு வகை. நீண்ட மைக் கம்பி ஏரியலைப் போல அலையை வாங்க, பெருக்கிச் சுற்று அதைப் பேச்சாக்கிவிடும். அந்தக் குரலில் வெட்டவெளியின் ஒலியடையாளம் இருக்காது. ஒலிபரப்பு அறையின் நெருக்கமே இருக்கும். யூர்கென்சன் முதலில் நினைத்தது இதைத்தான்.

கடைசிச் சோதனை கேட்பவருக்கு. என்ன வார்த்தை என்று முன்கூட்டியே சொல்லாமல் பலரிடம் தனித்தனியாகப் போட்டுக் காட்டி, கேட்டதை எழுதச் சொல்ல வேண்டும். பதில்கள் ஆளுக்கொன்றாக இருந்தால், அந்த வார்த்தை நாடாவில் இருப்பது சந்தேகமே. யூர்கென்சனின் வழியில் வந்த லாட்வியரான கான்ஸ்டன்டின் ரவுடிவே, பல்லாயிரம் குரல்களைச் சேகரித்ததாகச் சொன்னார். அவற்றில் ஒரே வாக்கியத்தில் பல மொழிகள் கலந்திருந்தன. அவர் பல மொழிகள் அறிந்தவர். அத்தனை மொழிகளிலும் தேட முடிகிற ஒருவருக்கு வெறும் இரைச்சலில் வார்த்தை கிடைப்பது எளிது என்பதே விமர்சகர்களின் வாதம்.