வரிசையில் காத்திருக்கும் வேலைகள் – 7
ஒப்புகை எப்போது?

செய்தியானது வரிசையை விட்டு வொர்க்கர் எனப்படும் பணியாள் நிரலின் கைக்கு வந்து சேர்ந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். வந்த செய்திக்குப் பணியாள் ஒப்புகை தரவேண்டும். அது கிடைத்தவுடன் வரிசை அச்செய்தியை அடியோடு மறந்துவிடும். அவ்வொப்புகையை வேலையைத் தொடங்குமுன் தருவதா, முடித்தபின் தருவதா என்பதே விவகாரம்.

பைதான் மொழியினர் பெரிதும் கையாளும் செலரி, நாம் வேறு சொல்லாதவரையில், தொடங்குமுன்னரே ஒப்புகை தந்துவிடுகிறது. நடுவில் இயந்திரம் நின்றுபோனால் அவ்வேலை போனது போனதுதான். அதிகபட்சம் ஒரு முறை என்னும் பக்ஷம் இது. `acks_late=True` என்று எழுதிவிட்டாலோ ஒப்புகை கடைசியில் செல்லும். குறைந்தது ஒரு முறையேனும் வேலை நடக்கவேண்டும் என்பது இங்கே உத்தேசம். ஆயினும் வேலையைச் செய்யும் கிளைச் செயலி நினைவகம் போதாமல் கொல்லப்பட்டால், `task_reject_on_worker_lost` என்பதையும் இயக்கி வைத்திராதவரையில், செலரி அதையும் முடிந்த கணக்கிலேயே சேர்த்துவிடும் என்பதைப் பலர் நஷ்டப்பட்ட பின்னரே அறிகிறார்கள்.

இரண்டாம் பக்ஷத்தின் விபரீதம் வேறு விதமானது. சந்தாதாரர் அனைவருக்கும் மாத ரசீதை மின்னஞ்சலில் அனுப்பும் ஒரு வேலை ஒன்றரை மணி நேரம் ஓடுவதாகவும், வரிசை ரெடிஸில் இருப்பதாகவும் கொள்வோம். ரெடிஸைப் பயன்படுத்துகையில் செலரி ஒப்புகைக்காகக் காத்திருக்கும் கால அளவு, `visibility_timeout`, மாற்றப்படாவிட்டால் 1 மணி நேரம். இரவு 1 மணிக்குத் தொடங்கிய முதற்பணியாள் நோயின்றி உழைத்துக்கொண்டிருக்கையிலேயே, 2 மணி வாக்கில் அவன் மாண்டான் என்று தீர்மானிக்கப்பட்டு, அதே செய்தி மற்றொருவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. 2.30க்கு முதல்வன் தரும் ஒப்புகை இரண்டாமவனைத் தடுக்காது. பிழைச் செய்தி எதுவும் பதிவாகாது; ஒரே வேலை எண் இரு பணியாட்களின் பதிவேடுகளில், ஏறத்தாழ 1 மணி இடைவெளியில், பெறப்பட்டதாகக் காணப்படுவதே அடையாளம்.

கால அளவை நீட்டலாம். ஆனால் அப்போது உண்மையிலேயே மாண்ட பணியாளின் வேலையும் அவ்வளவு நேரம் கிடப்பில் கிடக்கும். ஆகையால் நான் பரிந்துரைப்பது, பெருவேலையை ஆளுக்கொரு சிறுவேலையாகப் பிரித்து, சந்தாதாரர் எண்ணும் மாதமும் சேர்ந்த ஜோடி இருமுறை வரக்கூடாதென்ற விதியுடன் தரவுத்தளத்தில் ஒரு பட்டியல் வைத்து, அதில் பெயர் ஏறியவருக்கு மறுபடி அனுப்பாதிருப்பதாகும்.

பெயரை அஞ்சலுக்கு முன் எழுதுவதா, பின் எழுதுவதா? முன் எழுதி இயந்திரம் நின்றால் ரசீது போகாது. பின் எழுதுவதாயின் இரண்டு போகக்கூடும். பழைய கேள்வியேதான் திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இம்முறை பணயம் ஊர் முழுவதற்குமான ரசீதுகளல்ல, ஒருவருடைய ஒரு கடிதம். ரசீதுதானே, இரண்டு போகட்டும் என்று நான் பின்னரே எழுதுவேன்.