உங்களுக்குத் தெரியுமா? 5.5% சில நேரம் 7%-ஐ மிஞ்சும்

வங்கி வைப்புநிதிக்கு 7% வட்டி, வரியில்லாப் பத்திரத்துக்கு 5.5% என்று வைத்துக்கொள்வோம். ஒரு லட்சம் ரூபாய்க்கு வைப்புநிதி ஆண்டுக்கு 7,000 ரூபாய் தரும். 30% வரி வரம்பில் இருப்பவர், 4% செஸ்ஸும் சேர்த்து, அதில் 2,184 ரூபாயை வரியாகக் கட்டுவார். கையில் நிற்பது 4,816. பத்திரம் தரும் 5,500-க்கோ வரியே கிடையாது.

20% வரம்பில் இருப்பவருக்கு வைப்புநிதியில் 5,544 ரூபாய் மிஞ்சும், ஏறத்தாழச் சமம்தான். 5% வரம்பில் 6,636. அவர் பத்திரத்தின் பக்கம் போகவே வேண்டாம். வங்கி 10% டி.டி.எஸ். பிடித்ததோடு வரி முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். வரி வரம்பு அதைவிட உயர்வானால், மிச்சத்தைக் கணக்குத் தாக்கலின்போது கட்டியாக வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலை ஆணையம், இந்திய ரயில்வே நிதிக் கழகம் போன்றவை வெளியிட்ட இந்தப் பத்திரங்களின் புதிய வெளியீடு 2015-16 நிதியாண்டோடு நின்றுவிட்டது. இப்போது பங்குச் சந்தையில்தான் வாங்க முடியும், அதுவும் பெரும்பாலும் முகமதிப்பைவிடக் கூடுதல் விலைக்கு. ஏமாறும் இடம் இதுதான். ஆண்டுக்கு 80 ரூபாய் வட்டி தரும் 1,000 ரூபாய்ப் பத்திரத்தை 1,150-க்கு வாங்கினால் 7% கிடைப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஆறு ஆண்டு கழித்து முதிர்வில் திரும்புவது 1,000 மட்டுமே. அந்த 150 இழப்பையும் சேர்த்தால் உண்மை வருமானம் சுமார் 5%. வைப்புநிதியோடு ஒப்பிட வேண்டியது இந்த முதிர்வு வருவாயைத்தான். இடையில் லாபத்துக்கு விற்றால், அந்த லாபத்துக்கு வரி உண்டு.