நாற்பது விநாடியில் ஒரு மாலை ஜெபம்

தேவாலயத்தின் மாலை ஜெபம் யூடியூபில் நேரலையாகப் போகிறது. அதிலிருந்து நாற்பது விநாடித் துணுக்கு ஒன்று வேண்டும். 121ஆம் சங்கீதத்தை விளக்கிய போதகர், சரியாக 32:10இல் ஒரு நல்ல வாக்கியம் சொன்னார் என்று வைத்துக்கொள்வோம். அங்கேயே வெட்டத்தான் கை போகும். ஆனால் வாக்கியம் “அதனால்தான்” என்று தொடங்கினால், எதனால் என்று கேட்பவர் விழிப்பார். பின்னோக்கிப் போனால், 31:52இல் அவர் சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். துணுக்கின் தலை அதுதான்.

முடிவு இன்னும் கஷ்டம். கடைசிச் சொல்லோடு நறுக்கினால், கீபோர்டின் ஸ்வரம் பாதியில் அறுந்து காதை உறுத்தும். ஒரு விநாடி கூடுதலாக விட்டு, ஒலியை மெல்லத் தேய்த்து அணைக்க வேண்டும்.

விண்ணப்ப ஜெபத்தில் நோயாளிகளின் பெயரும் வியாதியும் வரும். எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அந்தப் பகுதியைத் தொடவே கூடாது என்பது என் கட்சி. சபைக்குள் சொன்னது ஊருக்குச் சொன்னதாகாது.

குறிப்பில் “தவறவிடாதீர்கள்” என்பது வீண். முதல் வரியிலேயே விஷயம் வரட்டும்: “உதவி தாமதமாகும்போது என்ன செய்வது? சங்கீதம் 121, ஞாயிறு மாலை ஜெபம்.” ஷார்ட்ஸ் குறிப்பில் போடும் இணைப்பு அழுத்தினால் திறக்காது; முழுக் காணொளியைத் ‘தொடர்புடைய வீடியோ’வாக இணைக்க வேண்டும். வாட்ஸப்பில் அனுப்பும்போது முழுக் காணொளியின் முகவரியில் `t=1912` சேர்த்தால், நேராக அந்தக் கேள்வியிலேயே திறக்கும்.