பத்து மில்லி ஆக்சிஜனுக்கு எத்தனை வினாடி?

மருந்துக்கடையில் வாங்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு புட்டியில் ‘20 வால்யூம்’ என்று அச்சிட்டிருக்கும். பலரும் அதை ஏதோ வீரியக் குறி என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளபடி அது வாயுக் கணக்கு. அந்தக் கரைசலில் ஒரு மில்லி முழுவதும் சிதைந்தால் ஏறக்குறைய இருபது மில்லி ஆக்சிஜன் வரும் என்று புட்டியே சொல்கிறது. 1818-இல் பாரிசில் லூயி தெனார் இந்தப் பொருளைக் கண்டறிந்தார். அது தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியும் வேகத்தை அளக்க அந்த வாயுவைப் பிடிப்பதே இன்றும் சுலபமான வழி.

சிதைவது அதன் இயல்பு என்றால் புட்டி மாதக்கணக்கில் அலமாரியில் எப்படித் தாங்குகிறது? சிதைவதற்கு முன் ஒவ்வொரு மூலக்கூறும் ஓர் ஆற்றல் மேட்டைக் கடந்தாக வேண்டும். அந்த மேட்டின் உயரம்தான் கிளர்வு ஆற்றல். ஊக்கி எதுவும் இல்லாதபோது இது மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். அறை வெப்பத்தில் அவ்வளவு ஆற்றல் வாய்த்த மூலக்கூறுகள் மிகச் சொற்பம். இதில் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றினால் உடனே குமிழிகள் கிளம்பும். அயோடைடு அயனி பெராக்சைடிலிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பறித்துக்கொண்டு, அடுத்த மூலக்கூறோடு சேர்ந்து அதை வாயுவாக விட்டுவிட்டு, பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. இது வேறு பாதை, மேடும் தாழ்வு. எவ்வளவு தாழ்வு என்பதை ஒரு கல்லூரி ஆய்வகத்தில், ஒரு பிற்பகலில் அளந்துவிடலாம்.

அதற்கான சூத்திரத்தை ஸ்வீடன்காரர் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889-இல் முன்வைத்தார்: k = A e^(-Ea/RT). k வேக மாறிலி, Ea கிளர்வு ஆற்றல், T கெல்வின் வெப்பநிலை, R 8.314. மேடு உயரமாக இருந்தால், வெப்பம் ஏறும்போது வேகம் தடாலென்று கூடும். தாழ்வாக இருந்தால் மெல்லக் கூடும். ஆகவே இரண்டு மூன்று வெப்பநிலைகளில் வேகம் எத்தனை மடங்கு மாறுகிறது என்று பார்த்தால் போதும். வேகத்தின் உண்மையான மதிப்பு தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

இந்தச் சோதனையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஒவ்வொரு முறையும் அதே அளவு பெராக்சைடு, அதே அளவு அயோடைடு எடுத்து, அதே அளவு வாயு சேர ஆகும் நேரத்தை மட்டும் குறித்துக்கொள்கிறோம். ஒவ்வொரு முறையும் சிதைவது ஒரே பங்கு என்பதால் செறிவு, கன அளவு எல்லாம் கணக்கில் அடிபட்டுப் போய்விடும். நேரம் பாதியானால் வேக மாறிலி இரட்டித்தது என்று பொருள்.

செய்முறை இப்படி. 20 வால்யூம் பெராக்சைடில் சம அளவு தண்ணீர் சேர்த்துப் பாதியாக்கி, அதில் 5 மில்லியை ஒரு சின்னக் குப்பியில் எடுக்க வேண்டும். 100 மில்லி கூம்புக்குடுவையில் 0.1 மோலார் பொட்டாசியம் அயோடைடு 15 மில்லி ஊற்றி, குப்பி சாயாமல் உள்ளே நிறுத்த வேண்டும். குடுவையை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, ரப்பர் அடைப்பானில் செருகிய குழாயைத் தண்ணீரில் கவிழ்த்த பியூரெட்டுக்குள் விட வேண்டும். பியூரெட் நிற்கும் தண்ணீர் எல்லா முறையும் அறை வெப்பத்திலேயே இருக்கட்டும். சூடான குடுவையிலிருந்து வரும் வாயு அங்கே குளிர்ந்து, கூட வந்த நீராவியையும் இறக்கிவிடும் என்பதால் எல்லா அளவீடும் ஒரே தரத்தில் அமையும். பிறகு குடுவையைச் சாய்த்துக் குப்பியைக் கவிழ்த்து, ஒரே சீராகக் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

கடிகாரத்தை உடனே தொடக்கூடாது. முதலில் பிறக்கும் ஆக்சிஜனில் கொஞ்சம் கரைசலிலேயே தங்கிவிடும். எனவே வாயு 2 மில்லியைத் தொடும்போது தொடங்கி 12 மில்லியில் நிறுத்துவது நல்லது. மேற்சொன்ன அளவுகளில் எதிர்பார்க்கக்கூடிய நேரங்களை மாதிரிக் கணக்காக எடுத்துக்கொள்வோம்: 20 டிகிரி செல்சியஸில் 182 வினாடி, 30-இல் 86, 40-இல் 42. நம் ஊர்க் குழாய்த் தண்ணீரே முப்பதை ஒட்டி இருப்பதால் இருபதுக்கு ஐஸ் கட்டி தேவைப்படும்.

20-க்கும் 40-க்கும் இடையில் வேகம் 182/42, அதாவது 4.33 மடங்கு. இதன் இயல் மடக்கை 1.466. கெல்வினில் 293.15, 313.15 ஆகியவற்றின் தலைகீழ்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் 0.0002179. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஏறத்தாழ 6730, அதை 8.314-ஆல் பெருக்கினால் மோலுக்கு 56 கிலோஜூல் வருகிறது. அயோடைடுப் பாதைக்கு நூல்களில் காணும் மதிப்பும் இதையொட்டியதே. வரைபடத்தில் 1/T-க்கு எதிராக ln(1/t)-ஐக் குறித்தால் 30 டிகிரிப் புள்ளியும் கோட்டை ஒட்டி விழும். அந்தக் கோட்டின் சாய்வுதான் இந்த 6730.

தாளில் இவ்வளவு அழகாக வருவது மேசையில் வராது. முதல் எதிரி குடுவையில் இருக்கும் காற்று. முப்பது டிகிரியில் மூடிய குடுவையை நாற்பதில் வைத்தால், உள்ளிருக்கும் 80 மில்லி காற்று விரிவதாலும் நீராவி கூடுவதாலும், ஆக்சிஜன் ஒரு குமிழிகூடப் பிறக்காமலே ஐந்து மில்லி போல ‘வாயு’ சேர்ந்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. குப்பியைக் கவிழ்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் பியூரெட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள். நீர்மட்டம் அசைந்தால் குடுவை இன்னும் தயாராகவில்லை. அடைப்பானைத் திறந்து காத்திருந்து மறுபடி மூட வேண்டும்.

அடுத்த இரண்டும் கண்ணுக்குத் தெரியாதவை. சிதைவு வெப்பம் உமிழும் வினை; பெராக்சைடு ஒரு மோலுக்குச் சுமார் 98 கிலோஜூல். நம் 20 மில்லி கலவையில் 12 மில்லி வாயு சேர்வதற்குள் கரைசல் தானாகவே ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறலாம். மெதுவான முறையில் அந்தச் சூடு நீர்த்தொட்டிக்குப் போய்விடும், வேகமான முறையில் அதற்கு அவகாசம் இருக்காது. அதனால் சூடான புள்ளி இருக்க வேண்டியதைவிட வேகமாகத் தெரிந்து, விடை கூடிவிடும். குலுக்கல் தளர்ந்தாலோ நேர்மாறு: வேகமாகப் பிறக்கும் ஆக்சிஜன் கரைசலில் சிக்கிப் பிந்தி வரும், விடை குறையும். இரண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று மறைத்து நேர்கோடு ஒன்றைத் தந்துவிடவும் கூடும். கோடு நேராக இருக்கிறது என்பதற்காக மட்டும் விடையை நம்பிவிடக் கூடாது. வெப்பமானியின் குமிழ் தொட்டியில் இல்லாமல் குடுவைக் கரைசலுக்குள் இருந்தால் சூடேறுவது தெரியும். குலுக்கும் வேகத்தை மாற்றி அதே வெப்பநிலையில் மறுமுறை செய்து பார்த்தால் வாயு சிக்குவது தெரியும்.

நேரத்தில் எவ்வளவு, வெப்பநிலையில் எவ்வளவு பிழை பொறுக்கும் என்றும் பார்த்துவிடலாம். 42 வினாடியில் இரண்டு வினாடி தவறினால் விடை சுமார் 2 கிலோஜூல் நகரும். நாற்பது என்று நினைத்த கரைசல் உண்மையில் 39 டிகிரியாக இருந்தால் ஏறக்குறைய 3 கிலோஜூல் பிசகும். கடிகாரத்தில் இரண்டு வினாடி தவறுவது அபூர்வம். வெப்பநிலையில் ஒரு டிகிரி தவறுவது அன்றாட நடப்பு. ஆகையால் செய்முறை ஏட்டில் 56.0 என்று முடிப்பதைவிட, ‘56, மூன்று கூடலாம் குறையலாம்’ என்று எழுதுவதுதான் சரியான விடை.