நூறில் சில செல்கள் மட்டும்

மூளைத் திசுவை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் பெரிதாக எதுவும் தெரியாது. செல்லும் நிறமற்றது, அதைச் சுற்றி இருப்பதும் நிறமற்றது. சாயம் ஏற்றினால்தான் உருவம் வரும். எந்தச் சாயம் என்பதைப் பொறுத்து, ஒரே மூளை வேறு வேறு விதமாகத் தெரியும்.

ஃபிரான்ஸ் நிஸ்ல் 1880-களில் மியூனிக்கில் மருத்துவ மாணவராக இருந்தபோது உருவாக்கிய முறை, செல்லின் உடலைக் காட்டுகிறது. இன்று அதற்குப் பெரும்பாலும் கிரெசைல் வயலெட் என்ற ஊதாச் சாயம் பயன்படுகிறது. காரத்தன்மையுள்ள இந்தச் சாயம், செல்லுக்குள் இருக்கும் அமிலத்தன்மையுள்ள ஆர்.என்.ஏ., டி.என்.ஏ. மீது ஒட்டிக்கொள்ளும். பிறகு ஆல்கஹாலில் அலசி, மிகையான சாயத்தை நீக்குவார்கள். அலசல் போதாவிட்டால் பின்புலமும் ஊதாவாகவே நிற்கும். கூடிப்போனால் செல்களே வெளிறிவிடும். சரியாக வந்தால் எல்லாச் செல்களும் புள்ளி புள்ளியாகத் தெரியும், எண்ணலாம். மூளைப் புறணியின் அடுக்குகளைப் பார்த்து புரோட்மன் 1909-இல் வரைபடம் போட்டது இந்த வகைச் சாயத்தை வைத்துத்தான். ஆனால் செல்லிலிருந்து கிளம்பும் நீண்ட கிளைகளில் சாயம் ஏறாது. எந்தச் செல் எதுவரை நீள்கிறது என்பதற்கு இதில் விடையில்லை.

அந்த விடை அதற்கு முன்பே, 1873-இல், இத்தாலியின் அப்பியாதேகிராஸோவில் கிடைத்திருந்தது. அங்கே மருத்துவமனை ஒன்றில் பணியாற்றிய கமில்லோ கோல்கி, சமையலறையையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டவர். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டில் பல நாள் ஊறவைத்தார். பிறகு வெள்ளி நைட்ரேட்டில் போட்டார். இரண்டும் சேர்ந்து செல்லுக்குள் வெள்ளி குரோமேட் படிகமாக நிறைந்தது. மஞ்சள் பின்புலத்தில், கிளைகள் நுனிவரை கறுத்து நின்றது நியூரான்.

விசித்திரம் என்னவென்றால், நூறில் ஒரு சில செல்களே கறுக்கும். ஏன் அவை மட்டும் என்பது இன்றும் முழுதாகப் புரியவில்லை. ஆனால் இந்தக் குறைதான் முறையின் பலம். எல்லாமே கறுத்திருந்தால் கிளைகள் ஒன்றோடொன்று பின்னி வெறும் கருமைதான் மிஞ்சும். அதனால்தான் இதில் சுமார் 100 மைக்ரான் தடிமனுள்ள சீவலையும் பார்க்க முடிகிறது. ஒரு செல்லின் கிளைகள் பாதியில் அறுபடாமல் கிடைக்கின்றன. செல்களை எண்ண மட்டும் இது உதவாது.

முறை அடிக்கடி ஏமாற்றும். துண்டின் மேற்பரப்பில் படிகம் திட்டுத்திட்டாகப் படியும், நியூரானுக்குப் பதில் ரத்தக்குழாய் கறுக்கும். ஸ்பெயினின் சந்தியாகோ ரமோன் இ கஹால் இதை 1887-இல் கற்று, இரண்டு திருத்தம் செய்தார். ஊறவைப்பதை இருமுறை செய்தார். கருவிலுள்ள, இளம் விலங்குகளின் மூளையை எடுத்தார். வளர்ந்த மூளையில் நரம்பிழையைப் போர்த்தும் மயலின் உறை வெள்ளியைத் தடுக்கிறது, இளம் மூளையில் அது குறைவு. நியூரான்கள் தனித்தனி செல்கள் என்று கஹால் முடிவுசெய்தார். அவை ஒரே வலை என்றே கோல்கி நம்பினார். இருவரும் 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தன் உரையிலும் கோல்கி அந்தக் கருத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

யார் சொன்னது சரி என்று கறுப்புச் சாயத்தால் நேரில் காட்ட முடியவில்லை. இரு நியூரான்களுக்கு நடுவே உள்ள இடைவெளி சுமார் 20 நானோமீட்டர்தான். ஒளி நுண்ணோக்கி ஏறத்தாழ 200-க்குக் கீழே பிரித்துக் காட்டாது. அந்த இடைவெளி கண்ணில் பட்டது 1950-களில், எலக்ட்ரான் நுண்ணோக்கியில்.